கேம் ஆடினால் டேட்டா தீர்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

தினமும் 1.5 ஜிபி தரும் ப்ரீபெய்ட் பேக்கில், ஆண்ட்ராய்டு போனில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மாதிரியான கேம்களை ஆடுகிறவர்களுக்கு இது. சாயங்காலம் இரண்டு மேட்ச் ஆடுவதற்குள் "உங்கள் இன்றைய டேட்டா 90% தீர்ந்தது" என்று எஸ்எம்எஸ் வந்து நிற்கும். பழி உடனே கேம் மேல் விழும். ஆனால் மேட்ச் அவ்வளவு டேட்டா தின்பதில்லை. திரையில் தெரியும் மலை, வீடு, துப்பாக்கி எல்லாம் ஏற்கெனவே போனுக்குள் இருக்கின்றன. மேட்ச் ஓடும்போது சர்வருக்கும் போனுக்கும் இடையே போய் வருவது யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் சுட்டார் என்ற துளித் துளித் தகவல்தான். அரை மணி நேர மேட்ச் ஒன்றுக்குப் பெரும்பாலும் 20 முதல் 50 எம்பிக்குள் முடிந்துவிடும்.

அதனால் டேட்டாவை மிச்சம் பிடிக்க கிராபிக்ஸைக் குறைப்பதில் பலன் இல்லை. சூடும் பேட்டரிச் செலவும் குறையும், டேட்டா செலவு குறையாது. டேட்டா ஓடும் ஓட்டை எப்போதும் மேட்சுக்கு வெளியேதான் இருக்கும். அது எங்கே என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும்.

## எதிலும் கை வைக்கும் முன்: ஒரு தடவை அளந்து பாருங்கள்

செட்டிங்ஸைத் திறந்து, மேலே இருக்கும் தேடல் பெட்டியில் `data usage` என்று அடியுங்கள். போனுக்குப் போன் வழி மாறினாலும் இப்படித் தேடினால் பக்கம் வந்துவிடும். மொத்த சிம் டேட்டாவும், அதன் கீழே ஆப் வாரியான கணக்கும் இருக்கும். பல போன்களில் இது மாதக் கணக்கு, இன்றைய கணக்கு அல்ல. ஆகவே ஆடும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட், ஆடி முடித்துப் பத்து நிமிடம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கணக்கு உடனுக்குடன் ஏறாது என்பதால்தான் அந்தப் பத்து நிமிடம்.

ஓர் உதாரணம். ஆடும் முன் மொத்தம் 18.40 ஜிபி, கேம் 2.31 ஜிபி, பிளே ஸ்டோர் 0.64 ஜிபி. இரண்டு மேட்ச் முடிந்த பிறகு மொத்தம் 18.92, கேம் 2.39, பிளே ஸ்டோர் 1.02. அதாவது போனது 520 எம்பி. அதில் கேம் எடுத்தது 80தான். 380 பிளே ஸ்டோருக்குப் போயிருக்கிறது, மீதி 60 மற்ற ஆப்களுக்கு. இந்த ஆள் கேம் செட்டிங்ஸில் என்ன மாற்றினாலும் டேட்டா மிஞ்சாது. அவர் போக வேண்டிய இடம் பிளே ஸ்டோர்.

வித்தியாசம் யார் பெயரில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, கீழே அதற்கான பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: கேமைத் திறந்த பத்து நிமிடத்தில் நூற்றுக்கணக்கில் எம்பி போகிறது, கணக்கு கேமின் பெயரிலேயே நிற்கிறது

அநேகமாக கேம் உள்ளுக்குள்ளேயே எதையோ இறக்கிக்கொண்டிருக்கிறது. பிளே ஸ்டோரிலிருந்து வந்தது கேமின் எலும்புக்கூடு. மேப், உடை, ஒலி எல்லாம் பிறகு கேமுக்குள் இருந்தபடி தனித்தனிப் பேக்காக வரும். அவை பிளே ஸ்டோர் கணக்கில் சேராது, கேம் கணக்கில்தான் சேரும்.

முதலில் லாபியில் இருக்கும் டவுன்லோட் ஐகானைத் தொட்டு, எதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஆடுகிற மேப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். எரங்கல் மட்டுமே ஆடுகிற ஆளுக்கு மீராமார் பேக் எதற்கு? துல்லியமான படத்துக்கான எச்டி பேக்கும் அப்படியே. கிராபிக்ஸ் அளவைக் குறைப்பது உதவாது என்று சொன்னோம். ஆனால் அந்த எச்டி பேக்கை இறக்காமல் விடுவது உண்மையிலேயே பெரிய மிச்சம். அடுத்து, கேமின் செட்டிங்ஸில் தானாக டவுன்லோட் ஆவது, பின்னணியில் டவுன்லோட் ஆவது பற்றி எது இருந்தாலும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தும் தினமும் இதே கதை என்றால், ஒருமுறை இறக்கியதை யாரோ அழிக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த "யாரோ" பெரும்பாலும் போனில் இருக்கும் கிளீனர் ஆப். இடம் காலி செய்கிறேன் என்று கேமின் பேக்குகளைத் துடைத்துவிடும், மறுநாள் கேம் அவற்றைத் திரும்ப இறக்கும். கேம் திணறும்போது செட்டிங்ஸில் `Clear storage` கொடுப்பவர்களுக்கும் இதே கதிதான். துடைக்க வேண்டியிருந்தால் `Clear cache` மட்டும் கொடுங்கள். பிஜிஎம்ஐ உள்நுழையும் திரையில் இருக்கும் `Repair` பொத்தானையும் சிம் டேட்டாவில் தொடாதீர்கள். பழுதான கோப்புகளைச் சரிபார்த்துத் திரும்ப இறக்குவதுதான் அதன் வேலை.

பெரிய அப்டேட்டைத் தவிர்க்க முடியாது. பிஜிஎம்ஐக்கு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும், அதைப் போடாமல் மேட்சுக்குள் நுழைய முடியாது. அதற்கு மூன்று வழி இருக்கிறது. தெரிந்தவர் வீட்டு பிராட்பேண்ட் கிடைத்தால் அதுவே நல்லது. ரயில் நிலையத்தில் ரயில்வயர் வைஃபை முதல் அரை மணி நேரம் இலவசம்தான், ஆனால் வேகம் 1 எம்பிபிஎஸ். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் 225 எம்பிதான் இறங்கும். சின்ன பேக்குக்கு ஆகும், பெரிய அப்டேட்டுக்கு ஆகாது.

மூன்றாவது வழிதான் பலருக்குக் கைகொடுப்பது. தினசரி கோட்டா பொதுவாக நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும், அன்றைக்கு மிஞ்சியது வீணாகும். இரவு 11 மணிக்கு மிச்சம் எவ்வளவு என்று உங்கள் நெட்வொர்க் ஆப்பில் பாருங்கள். 600 எம்பி இருந்தால், 10 எம்பிபிஎஸ் வேகத்தில் அது எட்டே நிமிட வேலை. அப்டேட்டுக்குப் போதுமென்றால் அப்போது போடுங்கள். போதாதென்றால் கேமுக்குள் இருக்கும் பேக்குகளை ஒவ்வொன்றாக, இன்று ஒன்று நாளை ஒன்று என்று இறக்குங்கள். 11.50க்குத் தொடங்கினால் 12ஐத் தாண்டி மறுநாள் கோட்டாவைக் கடித்துவிடும், ஜாக்கிரதை.

## அறிகுறி: ஆடவே இல்லை, காலையில் எழுந்தால் பாதி டேட்டா காணோம்

கணக்கில் பிளே ஸ்டோர் மேலே நின்றால், தானியங்கி அப்டேட். போன் சார்ஜில் சும்மா கிடக்கும் நேரம் பார்த்துத்தான் அது வேலை செய்யும், அதாவது நீங்கள் தூங்கும் நேரம். கோட்டா புதிதாக நிரம்பியிருக்கும் நேரமும் அதுதான்.

பிளே ஸ்டோரில் மேல் மூலையிலுள்ள உங்கள் படத்தைத் தொட்டு `Settings`, அதற்குள் `Network preferences` போங்கள். `Auto-update apps` என்பதில் `Over Wi-Fi only` வையுங்கள். வைஃபையே கிடைக்காதவர்கள் `Don't auto-update apps` வைத்துவிட்டு வாரம் ஒருமுறை வேண்டியதை மட்டும் கையால் போடலாம். அதே பக்கத்தில் `App download preference` என்பதையும் பாருங்கள். அங்கே `Ask me every time` இருந்தால், தெரியாமல் எதுவும் இறங்காது. `Auto-play videos` என்பதையும் அணைத்துவிடுங்கள்.

பிளே ஸ்டோர் இல்லாமல் கூகுள் போட்டோஸ் மேலே நின்றால், அது படங்களையும் மேட்ச் ரெக்கார்டிங்குகளையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பேக்கப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவைப் பயன்படுத்தாதபடி மாற்றுங்கள். வாட்ஸ்அப் நின்றால் `Storage and data` பக்கத்தில் மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதற்கான நான்கு டிக்கையும் எடுத்துவிடுங்கள். கேமிங் குரூப்பில் ஆளாளுக்குப் போடும் கிளிப்புகள் சேர்ந்தால் சின்ன தொகை இல்லை.

இவற்றையெல்லாம் ஒரே அடியில் கட்டிப்போடுவது போனின் `Data Saver`. அதை ஆன் செய்தால், திரையில் இல்லாத ஆப்கள் சிம் டேட்டாவைப் பயன்படுத்துவது பெரும்பாலும் நின்றுவிடும். திரையில் ஓடும் கேமுக்கு இடைஞ்சல் இல்லை. வாட்ஸ்அப் செய்தி தாமதமாகிறதென்றால் அதற்கு மட்டும் `Unrestricted data` பட்டியலில் விலக்குக் கொடுங்கள். விலக்குப் பட்டியல் நீண்டால் டேட்டா சேவர் வைத்ததே வீண். பலருடைய போனில் அது ஆனில்தான் இருக்கும், பத்து ஆப்புக்கு விலக்கும் இருக்கும்!

## அறிகுறி: டவுன்லோட் எதுவும் இல்லை, ஆனாலும் மேட்சுக்கு மேட்ச் கணக்கு ஏறுகிறது

மேட்சுக்கு 50 எம்பிக்குள் இருந்தால் அது இயல்பு, விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது பேச்சு. டீம் மைக் சேர்த்துக்கொள்ளும் டேட்டா பெரிதல்ல. வாட்ஸ்அப் குரூப் காலைப் போட்டுவிட்டு ஆடுவதுதான் அதிகம். அதற்குத் தனியாக மணிக்கு 20, 30 எம்பி போகும். அதில் யாராவது வீடியோவை ஆன் செய்துவிட்டால் கணக்கே வேறு.

இதற்குச் செலவில்லாத மாற்று உங்கள் பேக்கிலேயே இருக்கிறது: அன்லிமிடெட் கால். சாதாரண போன் காலிலேயே நண்பர்களை கான்ஃபரன்ஸில் சேர்த்துக்கொண்டு, கேமுக்குள் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடலாம். VoLTE வழியாகப் போகும் கால் உங்கள் டேட்டா கோட்டாவில் கைவைக்காது, கேமும் கூடவே ஓடும். இரண்டு நிபந்தனை உண்டு. போனிலும் சிம்மிலும் VoLTE ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் எடுத்ததும் நெட் நின்றுவிடும். டேட்டா ஓடும் அதே சிம்மிலிருந்தே அழைக்க வேண்டும். மற்ற சிம்மில் அழைத்தால் பல போன்களில் டேட்டா துண்டாகும். சில போன்களில் கால் இருக்கும்போது கேம் ஒலி அமுங்கி எதிரியின் காலடிச் சத்தம் கேட்காது. அப்படியென்றால் மைக்கை வேண்டும்போது மட்டும் திறக்கும் பழைய வழிக்கே திரும்புங்கள்.

பேச்சும் இல்லையென்றால், செத்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். நண்பன் ஆடுவதை அங்கேயே உட்கார்ந்து பார்த்தால் மேட்ச் டேட்டா ஓடிக்கொண்டேதான் இருக்கும். லாபிக்கு வந்து ஷார்ட்ஸ் பார்த்தால் மேட்சை விட அதிகம் போகும், ஆனால் அது யூடியூப் கணக்கில் ஏறும். மேட்சை லைவ் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 720பி படத்தை 2.5 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.1 ஜிபி. 1.5 ஜிபி பேக்கில் லைவ் என்பது நடக்காத காரியம்.

## அறிகுறி: லூடோ, கேரம் மாதிரி சின்ன கேம், ஆனால் பெரிய கேமை விட அதிகம் தின்கிறது

விளம்பரம்தான், தேடவே வேண்டாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவே வரும் அரை நிமிட வீடியோ ஒன்று சில எம்பி இருக்கும். காயின் கிடைக்குமென்று தானே தொட்டுப் பார்ப்பது அதற்கு மேல். கம்ப்யூட்டரோடோ பக்கத்தில் இருப்பவரோடோ ஆடுகிற ஆட்டமென்றால் நெட்டே தேவையில்லை, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஆடுங்கள். ஷியோமி போன்ற சில போன்களில் அந்த ஓர் ஆப்புக்கு மட்டும் டேட்டாவை மறுக்கவும் வழி இருக்கிறது. நண்பரோடு ஆன்லைனில்தான் ஆட வேண்டுமென்றால் விளம்பரத்திலிருந்து தப்ப முடியாது. தினமும் ஆடுகிற கேமாக இருந்தால், விளம்பரத்தை நீக்கும் ஒருமுறைக் கட்டணம் டேட்டா பூஸ்டர் போடுவதை விட மலிவாக முடியலாம்.

## அறிகுறி: அண்ணன் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் அவர் டேட்டா பறக்கிறது

ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த போனைப் பொறுத்தவரை அது வைஃபை. இத்தனை நாள் "வைஃபை வந்தால் செய்துகொள்ளலாம்" என்று காத்திருந்த அப்டேட், பேக்கப், கேம் பேக் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். மேலே நாம் வைஃபைக்கு மட்டும் என்று ஒதுக்கிய அத்தனையும் இங்கே வந்து விடியும்.

ஆடுகிற போனில் வைஃபை பட்டியலில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு, `Network usage` அல்லது `Metered` என்று இருப்பதில் `Treat as metered` வையுங்கள். ஆண்ட்ராய்டுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே இது பல சமயம் தானாகவே அமைந்துவிடும், ஆனாலும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். லேப்டாப்பை இணைத்தால் இன்னும் கவனம் வேண்டும். விண்டோஸ் வைஃபை செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்குக்கு `Metered connection` ஆன் செய்யாவிட்டால் விண்டோஸ் அப்டேட் ஒன்றே அன்றைய கோட்டாவை முடிக்கும். ஸ்டீம் வைத்திருந்தால் அதன் டவுன்லோட்களையும் தனியாக நிறுத்துங்கள்.

## அறிகுறி: வீட்டு வைஃபையில் ஆடியும் சிம் டேட்டா குறைகிறது

வைஃபை கொஞ்சம் திணறினால் தானாக சிம்முக்குத் தாவும் வசதி ஆனில் இருக்கிறது. சாம்சங்கில் அது `Switch to mobile data` என்ற பெயரில் வைஃபையின் உள் செட்டிங்ஸில் இருக்கும். வேறு சில போன்களில் கேம் மோடுக்குள், வைஃபையையும் சிம்மையும் சேர்த்து ஓட்டி வேகம் கூட்டுவதாகச் சொல்லும் சுவிட்சாக இருக்கும். பிங் குறைய நல்ல வசதிதான், ஆனால் கோட்டா உள்ளவர்களுக்கு ஆகாது. தேடி அலைய நேரமில்லை என்றால், வைஃபையில் இருக்கும்போது மொபைல் டேட்டாவைக் கையாலேயே அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி: பிங் 999, மேட்ச் உறைந்து நிற்கிறது

நெட்வொர்க் ஆப்பில் மிச்சத்தைப் பாருங்கள். டேட்டா இருக்கிறதென்றால் இது டேட்டா பிரச்சினை இல்லை, டவர் நெரிசலோ சிக்னலோதான். இடம் மாறி உட்காருங்கள்.

தீர்ந்துவிட்டதென்றால், பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கும். அதில் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலும் வருவது சுமார் 29 எம்பி. நூறு பேர் ஆடும் மேட்ச் அதில் தொடக்கத்தில் நடப்பதுபோல் தெரியும். கூட்டம் குறுகி, பக்கத்தில் நாலு பேர் சுடத் தொடங்கியதும் உறைந்துவிடும். ரேங்க் மேட்ச் ஆடி புள்ளியைத் தொலைக்காதீர்கள். செஸ் மாதிரி, முறைவைத்து ஆடும் கேம்கள் இந்த வேகத்தில் ஓடும், பின்னணியில் வேறு ஆப் எதுவும் அந்தச் சின்னக் குழாயில் வாய் வைக்காமல் இருந்தால். டேட்டா சேவரை ஆன் செய்வது இங்கேதான் கட்டாயம்.

அன்றைக்குள் ஆடியே ஆக வேண்டுமென்றால் பூஸ்டர் பேக்தான் வழி. வாரத்தில் மூன்று நாள் பூஸ்டர் போடுகிறவர்கள் ஒரு மாதத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, 2 ஜிபி பேக்கின் விலையோடு ஒப்பிடுங்கள். 5ஜி போன் இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலைக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் அளவில்லா 5ஜியைப் பொதுவாகத் தினமும் 2 ஜிபி தரும் பேக்குகளிலிருந்துதான் கொடுக்கின்றன. ரீசார்ஜ் செய்யும் முன் பேக் விவரத்தைப் படியுங்கள். வீட்டுக்குள் சிக்னல் 4ஜிக்கு இறங்கினால் அப்போது போவது கோட்டாவிலிருந்துதான். "அன்லிமிடெட் போட்டும் டேட்டா தீருது" என்று வருகிறவர்களின் திரை மூலையைப் பார்த்தால் பாதி நேரம் 4G என்றே இருக்கும்.

## அறிகுறி: போன் காட்டுவது ஒன்று, நெட்வொர்க் கழிப்பது ஒன்று

நூற்றுக்கு ஏழு வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படியையும் 1000ஆகவும் 1024ஆகவும் எண்ணுவதில் வரும் பேதம் அது. நூற்றுக்கணக்கான எம்பி இடித்தால், ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் இருக்கிறதா, போன் காட்டுவது இதே சிம்மின் கணக்கா அல்லது இரண்டாவது சிம்மினுடையதா என்று பாருங்கள். ஆப் பட்டியலில் பெயர் தெரியாத ஏதோ ஒன்று அதிகம் தின்றால் அதை நீக்குங்கள். நீக்க முடியாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது செட்டிங்ஸில் தீராது. படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு ஃபேக்டரி ரீசெட், அல்லது சர்வீஸ் சென்டர். வைஃபை இல்லாமல் ரீசெட் செய்தால் எல்லா ஆப்பையும் கேமையும் திரும்ப இறக்க இரண்டு மூன்று நாள் கோட்டா போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இடித்தால்தான் நிறுவனத்தை அழைக்க வேண்டும். ஒரு முழு நாளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். இரவு 12க்குப் பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட், அதே தேதியில் இரவு 11.50க்கு இன்னொன்று, இரண்டு நேரத்திலும் போனின் கணக்கும் நெட்வொர்க் ஆப்பின் மிச்சமும் வேண்டும். அதோடு 198க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அவர்கள் தரும் டாக்கெட் எண்ணைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், எஸ்எம்எஸ்ஸாகவும் வரும். அந்த எண் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். அங்கே எடுபடுவது "டேட்டா சீக்கிரம் தீருது" என்ற வார்த்தை அல்ல, அந்த நான்கு ஸ்கிரீன்ஷாட்.